2,400 ரூபாய் மிச்சம் பிடித்த கதை

என் 1,197 சிசி காரை 2019-ல் வாங்கினேன். 2022 ஆகஸ்ட் இன்சூரன்ஸ் ரின்யூவலுக்கு இரண்டு கம்பெனிகளிடம் கோட் வாங்கினேன். இரண்டுக்கும் 2,400 ரூபாய் வித்தியாசம். யோசிக்காமல் குறைந்ததை எடுத்தேன்.

அடுத்த பிப்ரவரியில் பார்க்கிங்கில் ஒரு தூணில் இடித்துவிட்டேன். பம்பர், ஹெட்லைட் 14,000, லேபர், பெயின்ட் 4,000, ஆக மொத்தம் 18,000 பில். கையில் வந்ததோ 5,000-க்கும் கீழே. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் வசதி இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். அங்கேயே 7,000 போனது. எல்லா கிளெய்மிலும் கழிக்கும் கட்டாயப் பிடித்தம் 1,000. இதற்கு மேல், பிரீமியம் குறைய நாமே ஏற்கும் பிடித்தமாக 'வாலன்டரி டிடக்டிபிள் 5,000' என்று கோட்டில் ஒரு வரி இருந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை, தானாகவே டிக் ஆகியிருந்தது. பெயின்ட் கணக்கில் இன்னும் சில நூறு கழிந்தது. இந்தச் சொற்பக் காசுக்கு கிளெய்ம் போட்டதில் 35 சதவீத நோ கிளெய்ம் போனஸும் பூஜ்யமானது. சும்மா விட்டிருக்கலாம்.

2023 ஆகஸ்டில் அதே இரண்டு கம்பெனிகளிடமும் மறுபடி கோட் கேட்டேன். இம்முறை பிரீமியத்தைக் கடைசியில்தான் பார்த்தேன். தேர்ட் பார்ட்டி தொகை 3,416. அரசு நிர்ணயித்தது, எங்கே போனாலும் மாறாது. மாறுவதெல்லாம் நம் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில்தான். முதலில் ஐடிவியை, அதாவது வண்டிக்கு கம்பெனி போடும் மதிப்பைப் பார்த்தேன். குறைந்த கோட்டில் அது 60,000 ரூபாய் கம்மி. வண்டி திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ அந்த 60,000 என் தலையில்தான். இரண்டிலும் ஒரே ஐடிவி, வாலன்டரி டிடக்டிபிள் பூஜ்யம், ஜீரோ டெப், இன்ஜின் கவர் என்று வைத்துத் திரும்பப் போடச் சொன்னேன். வித்தியாசம் 350 ரூபாயாகச் சுருங்கியது!

அப்புறம் பாலிசி வாசகத்தை வரவழைத்துப் படித்தேன். ஒன்றில் ஜீரோ டெப் வருடத்துக்கு இரண்டு கிளெய்முக்கு மட்டும், இன்னொன்றில் வரம்பு இல்லை. நான் இருப்பது மழை வந்தால் தண்ணீர் தேங்கும் வேளச்சேரி என்பதால் இன்ஜின் கவரைத்தான் இரண்டு முறை படித்தேன். சாதாரண பாலிசியில் வெள்ளம் சேர்த்திதான். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, உள்ளே நீர் ஏறி இன்ஜின் உடைந்தால், அது 'பின்விளைவு' என்று தள்ளிவிடுவார்கள். அதற்குத்தான் இந்த ஆட்-ஆன். ஒரு கம்பெனியின் ஆட்-ஆனிலேயே, தண்ணீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்திருந்தால் பணம் இல்லை என்று ஒரு வரி. மற்றதில் அந்த வரி இல்லை. 350 ரூபாய் கூடக் கொடுத்து அதை எடுத்தேன்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சீட் வரை தண்ணீர். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணா, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்" என்றான். சாவியைத் தொடவில்லை. டோ செய்து ஒர்க்‌ஷாப் அனுப்பினேன். கார்பெட், வயரிங், ஆயில் மாற்றம் எல்லாம் சேர்த்து 46,000 பில். நான் கட்டியது கட்டாயப் பிடித்தம் 1,000, ஆயில், கூலன்ட் வகையறாவுக்கு 3,800. அந்த வகையறாவுக்கு கன்ஸ்யூமபிள்ஸ் என்று தனி ஆட்-ஆன் உண்டு. அதை மட்டும் அப்போது விட்டுவிட்டேன்.