அம்மாவின் படத்துக்குப் பட்டும் மாலையும்: ஸ்டுடியோவில் 3,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம்

கடலூர்ப் பக்கம் யாராவது, இறந்துபோனவர் படத்தைப் பட்டுப்புடவை, நகை, மாலையோடு மாற்றித் தரச் சொல்லி ஸ்டுடியோவில் கொடுப்பதாக இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரையோடு போனது. அம்மாவின் முதல் வருஷத் திதிக்குப் படம் மாட்ட எங்களிடம் இருந்தது ஒரு காதுகுத்தில் செல்போனில் எடுத்த படம்தான். நூல்புடவை, உடம்பு கொஞ்சம் ஒருக்களித்திருக்கும், முகம் மட்டும் நம்மைப் பார்க்கும். அரக்குப் பட்டு, அடகில் மூழ்கிப்போன அம்மாவின் காசுமாலை, அதற்கு மேல் ஒரு ரோஜா மாலை. இதைத்தான் கேட்டோம். “எல்லாமே கையால செய்யறது சார், ரெடிமேடு கிடையாது” என்று சொல்லி 3,500 ரூபாய் பேசி, 2,000 முன்பணம் வாங்கினார்கள்.

மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். செல்போனில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சரி என்று சொல்லிவிட்டேன். 12க்கு 18 அங்குலத்தில் ஃபிரேம் போட்டு வந்தபோது அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, “உங்கம்மா முந்தானையை வலது தோளில் எப்பப்பா போட்டா?” என்றார்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவர்களிடம் இருந்த ரெடிமேடு புடவை உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பியது. அம்மா திரும்பியிருந்த பக்கத்துக்கு ஒத்துவர அதை அப்படியே கண்ணாடிபோல் புரட்டி, முகத்தை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். நியாயம் கேட்கப் போனேன். வாசல் கண்ணாடியில் வேறொரு அம்மாளின் படம் மாட்டியிருந்தது. அதே புடவை, அதே மடிப்பு, அதே மாலை.

மற்ற தவறுகளையும் சொல்கிறேன், உங்களுக்குக் கண்டுபிடிக்க உதவும். ஒருக்களித்து நிற்பவர் கழுத்தில் நீள நகை இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தெரியாது. நம் பக்கம் இருக்கும் சரம் அகலமாக வளைந்து வரும், அந்தப் பக்கத்துச் சரம் குறுகித் தெரியும். கீழ்நுனி தொண்டைக்குழிக்கு நேர்கீழே, உடம்பின் நடுவில் விழ வேண்டும். எங்கள் படத்தில் காசுமாலை சுவரில் ஆணியடித்து மாட்டியதுபோல் நேராக, படத்தின் நடுவில் தொங்கியது. அம்மா தாலிக்கொடியை முந்தானைக்கு உள்ளே விடுவாள், காசுமாலையை மேலே போடுவாள். இங்கே இரண்டுமே மேலே. ரோஜா ஒவ்வொன்றும் அம்மாவின் கன்னம் அளவுக்கு இருந்தது. மாலை தோளில் பாரமாக உட்காரவேயில்லை, கழுத்தின் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டதுபோல் நின்றது. அடியில் நிழலும் இல்லை.

திருத்தலாம் என்று ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பைக் கேட்டேன். அதில்தான் புடவை, நகை, மாலை எல்லாம் தனித்தனி லேயராக இருக்கும். கொடுத்தது ஜேபெக் மட்டும். அதில் எல்லாம் ஒன்றாகப் படிந்துவிடும், மாலையை மட்டும் நகர்த்த முடியாது. பாக்கி 1,500 ஏற்கெனவே கொடுத்துவிட்டதால் அதற்குமேல் பேச்சு எடுபடவில்லை.

அப்புறம் புதுச்சேரியில் இந்த வேலை செய்யும் ஒரு தம்பியிடம் போனோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்று, முதலில் மூலப்படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னார். பிறகு, “வீட்டில் யாராவது அதேபோல் நகையும் மாலையும் போட்டு, அம்மா நின்ற மாதிரியே ஜன்னல் ஓரம் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்க அண்ணா, முகம் தெரியணும்னு இல்லை” என்றார். அக்கா, அத்தையின் காசுமாலையை வாங்கிப் போட்டு, பட்டு கட்டி, ஜன்னல் வெளிச்சம் அம்மா படத்தில் விழுந்த அதே பக்கத்திலிருந்து வரும்படி நின்றாள்.

அந்தப் படத்திலிருந்தே உடையையும் நகையையும் மாலையையும் எடுத்துக்கொண்டார். அடியில் புடவை, அதன்மேல் காசுமாலை, அதன்மேல் பூமாலை, எல்லாவற்றுக்கும் மேலே தாடையும் கூந்தலும். மாலை கழுத்துக்குப் பின்னால் போகும் இடத்தை மாஸ்க் போட்டு மறைத்தார். தோள் சரிவுக்கு ஏற்ப மாலையை வளைத்து வார்ப் செய்தார். மாலையின் விளிம்பை ஒட்டி அடர்த்தியாகவும் தள்ளிப்போகப் போக மங்கலாகவும், அடியில் உள்ள நிறத்தைக் கருக்கிக் காட்டும் மல்ட்டிப்ளை முறையில் மெல்லிய நிழல் விட்டார். மாலை அழுத்தும் இடத்தில் முந்தானை லேசாகப் பதிந்ததுபோலக்கூடச் செய்திருந்தார். மாலை இல்லாமல் ஒரு பிரதி, மாலையோடு ஒரு பிரதி, பி.எஸ்.டி.யும் சேர்த்து 1,800 ரூபாய்.

எங்கே கொடுத்தாலும், பிரிண்ட் போடும் முன் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கழுத்துப் பக்கத்தையும் தோளையும் காட்டச் சொல்லுங்கள். அதுவரை பாக்கியைக் கொடுக்காதீர்கள். பி.எஸ்.டி. தருவார்களா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். முந்தானை இடது தோளில் இருக்கிறதா, ஆண்கள் படமாக இருந்தால் சட்டைப் பை இடது மார்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் ஸ்டுடியோவிலிருந்து இன்றுவரை ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அந்த ஃபிரேமைப் பரணில் திருப்பி வைத்திருக்கிறோம். அப்பா அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.