மெடிக்கல் லீவா, ஈ.எல்.லா? 42 நாள் லீவுக்கு எதைப் போடுறது

எங்க ஸ்கூல் கணக்கு டீச்சருக்கு முட்டில லிகமென்ட் ஆபரேஷன், டாக்டர் ஆறு வாரம் ரெஸ்ட்னு சொல்லிட்டாரு, ஸ்டாஃப் ரூம்ல ஆளாளுக்கு ஒரு யோசனை. ஈ.எல்., அதாவது ஈட்டிய விடுப்பு போடுங்க, சர்டிஃபிகேட் தொல்லை இல்லைனு ஒருத்தர், முதல்ல சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு போட்டுட்டு அப்புறம் மெடிக்கல் லீவா நீட்டிக்கலாம்னு இன்னொருத்தர். இந்த ரெண்டாவது யோசனை வேலைக்கே ஆகாது, தமிழ்நாடு அரசு விதில சி.எல்.ல மத்த லீவோட சேர்க்க முடியாது.

சரி, ஈ.எல்.லா மெடிக்கலா? ரெண்டுலயும் முழு சம்பளம்தான், அதனால எது போட்டா என்னனு தோணும். ஆனா டீச்சருக்கு கோடை லீவு இருக்கறதால ஈ.எல். வருஷத்துக்கு 17 நாள்தான் சேரும், அப்போ 42 நாள்ங்கிறது ரெண்டரை வருஷ சேமிப்பு. அதுவும் ரிட்டையர் ஆகும்போது 240 நாள் வரைக்கும் காசாக்கிக்கலாம். மெடிக்கல் லீவ எடுக்காம வச்சிருந்தா அப்படி பைசா கிடைக்காது, நோவு வந்தா எடுக்கத்தான் அது. டீச்சருக்கு 12 வருஷ சர்வீஸ், 10ல இருந்து 15 வருஷ சர்வீஸ் இருக்கிறவங்களுக்கு மெடிக்கல் லீவு மொத்தம் 270 நாள், அதுல பழசா எடுத்தது 30 போக 240 மிச்சம் இருக்கு. இது வருஷா வருஷம் புதுசா வர்றது இல்ல, மொத்த சர்வீஸுக்கும் சேர்த்துதான், நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க.

சொந்த காரணத்துக்கான லீவு அரை சம்பளம், அதைப் பத்தி பேசவே வேணாம்.

மெடிக்கல்ல இருக்கிற ஒரே தொல்லை பேப்பர்தான். டீச்சர் முதல்ல எழுதுனது "உடல்நிலை சரியில்லாததால் 45 நாட்கள் விடுப்பு வேண்டுகிறேன்", சர்டிஃபிகேட்ல "ஆறு வாரம் ஓய்வு", தேதியே இல்ல. 45க்கும் 42க்கும் ஒத்துப்போகலன்னு ஆஃபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க, மறுபடி டாக்டர்கிட்ட அலைஞ்சதுதான் மிச்சம், அதுவும் நொண்டிக்கிட்டே. ரெண்டாவது லெட்டர் இப்படி:

"முழங்கால் அறுவை சிகிச்சை காரணமாக 10.11 முதல் 21.12 வரை 42 நாட்கள் மருத்துவ விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: மருத்துவச் சான்று 1."

சான்றுலயும் அதே தேதிதான், டாக்டர் பதிவு எண்ணும் சீலும் தெளிவா இருந்துச்சு, அடுத்த கேள்வி வரல. ஒரு ஜெராக்ஸ் கையில வச்சுக்கிட்டாங்க. 22ஆம் தேதி ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் குடுத்தாதான் கையெழுத்து போட விடுவாங்க, ஈ.எல். போட்டிருந்தா இந்த சர்டிஃபிகேட் அலைச்சல் மட்டும் மிச்சமாயிருக்கும்.