மொத்தம் சரியாக இருந்தது, 400 சோடி பிணைச்சலைக் காணவில்லை

கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். சீனாவிலிருந்து நேரடியாகப் பொருள் எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

கடற்காற்றில் இரும்புப் பிணைச்சல் சீக்கிரம் துருவேறிவிடும் என்பதால் இங்கே துருப்பிடிக்காத எஃகுதான் ஓடும். அதனால் 4 அங்குல எஃகுப் பிணைச்சல் 2,400 சோடி, 3 அங்குல இரும்புப் பிணைச்சல் 1,200 சோடி, தாழ்ப்பாள் 1,400 என்று ஓடர் கொடுத்தேன். கப்பல் ஏறுமுன் இன்வொய்ஸும் பக்கிங் லிஸ்டும் மின்னஞ்சலில் வந்தன. கைபேசியிலேயே பார்த்தேன். இரண்டின் அடியிலும் 70 பெட்டி, 5,000 என்றிருந்தது. சரி என்று பதில் போட்டேன். பிறகு வங்கியில் 3,820 டொலரையும் கட்டி ஆவணங்களை எடுத்தேன்.

பெட்டிகள் கடைக்கு வந்து, பையன் எண்ணிவிட்டு, "முதலாளி, நாலு அங்குலம் நாற்பது பெட்டிதான் இருக்கிறது" என்றான். அப்போதுதான் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இன்வொய்ஸின் முதல் வரியில் எஃகு 2,400. பக்கிங் லிஸ்டின் முதல் வரியில் பெட்டி 1 முதல் 40 வரை, பெட்டிக்கு 50 சோடி. பெருக்கினால் 2,000தான். அடுத்த வரியில் 41 முதல் 56 வரை, பெட்டிக்கு 100. அது 1,600. தாழ்ப்பாள் 14 பெட்டி, 1,400, அதில் குறையில்லை. எஃகில் குறைந்த 400 அப்படியே இரும்பில் ஏறியிருந்ததால் அடிக்கூட்டல் அசையவில்லை.

எஃகு 1.10 டொலர், இரும்பு 40 சதம். சோடிக்கு 70 சதம் வீதம் 280 டொலர் போனது. பக்கிங் லிஸ்டில் விலை இருக்காது, ஆகவே தொகையைப் பார்த்து இதைப் பிடிக்க வழியில்லை. சுங்கத் தீர்வையும் இன்வொய்ஸ் பெறுமதிக்கே கணக்கிடப்பட்டது. வராத எஃகுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இன்வொய்ஸில் "துருப்பிடிக்காத எஃகு" என்று முழுதாக எழுதியவர்கள் பக்கிங் லிஸ்டில் வெறும் "பிணைச்சல் 4 அங்குலம்" என்றுதான் போட்டிருந்தார்கள். நல்லவேளை, வந்தது எஃகுதான். இரும்பு வந்திருந்தாலும் அந்தத் தாளை வைத்து நான் வாதாடியிருக்க முடியாது.

விற்றவரிடம் கேட்டபோது, "பக்கிங் லிஸ்டில் உள்ளதைத்தான் அனுப்பினோம், நீங்கள் சரி என்றீர்களே" என்றார். அந்தத் தாள் பொய் சொல்லவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். அடுத்த ஓடரில் 100 டொலர் கழிக்கிறாராம். அடுத்த ஓடர் யார் கொடுக்கப்போகிறார்கள்?

இப்போது இன்வொய்ஸ், பக்கிங் லிஸ்ட் வரைவு வந்ததும் தாளில் எடுத்து, வரிக்கு வரி பெட்டியையும் பெட்டிக்குள் உள்ளதையும் பெருக்கி, இன்வொய்ஸ் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். சோடியா, தனியா என்ற அலகையும் பார்க்கிறேன். பெயர் ஒரு சொல் பிசகினாலும் திருத்திக் கேட்டுவிட்டுத்தான் சம்மதம் சொல்கிறேன். மூன்று வரிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கடற்காற்று எட்டாத அம்பாறைப் பக்கம் யாருக்காவது 3 அங்குல இரும்புப் பிணைச்சல் தேவையென்றால் சொல்லுங்கள். 400 சோடி மேலதிகமாகக் கிடக்கிறது, வாங்கிய விலைக்கே தருகிறேன்.