பசையா, தையலா: கடலோரக் காற்றில் இரண்டு ஜோடி ஷூ

சென்ற ஆண்டு கீழக்கரையில் ஒரு திருமணம். வளைகுடாவிலிருந்து வாங்கிவந்து நான்கு ஆண்டுகளாகப் பீரோவின் மேல் பெட்டியிலேயே வைத்திருந்த கறுப்பு ஷூவை மைத்துனர் அன்று போட்டுக்கொண்டு வந்தார். மண்டபப் படியேறும்போதே வழியெல்லாம் கறுப்புத் துகள்கள் உதிர்ந்தன. பந்தி முடிவதற்குள் வலது கால் சோல் வாயைப் பிளந்துவிட்டது. மேல்தோலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதற்குமுன் இரண்டு முறைதான் போட்டிருக்கிறார்.

"போலிச் சரக்கைக் கட்டிவிட்டான்" என்றார். அப்படிச் சொல்ல முடியாது. போடாமல் வைத்திருந்ததால் ஷூ பிழைத்துக்கொள்ளும் என்று அவர் நம்பியதுதான் தவறு. அந்த சோல் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. எடை குறைவு, நடக்க மெத்தென்று இருக்கும். ஆனால் இவ்வகை நுரைகளில் பலவற்றின் வேதிப்பிணைப்பைக் காற்றின் ஈரமே மெல்ல அறுத்துவிடும். வெப்பமும் சேர்ந்தால் வேகம் கூடும். மூடிய பெட்டிக்குள் ஈரமும் வெப்பமும் வெளியேற வழியில்லை. எங்கள் கரையில் இரண்டுக்கும் பஞ்சமே கிடையாது.

மைத்துனருடையது பசையால் சோலை ஒட்டிய ஷூ. இந்த ஒட்டு ஷூவின் அமைப்பு எளிது. மேல்தோலைக் கால் வடிவ அச்சின்மேல் இழுத்து, விளிம்பை, பாதத்துக்கு அடியில் வரும் உள்ளட்டைக்குக் கீழே மடித்து ஒட்டுவார்கள். அந்த விளிம்பைச் சொரசொரப்பாகத் தேய்த்து, அதிலும் சோலிலும் பசை தடவி, காயவைத்து, சூடேற்றி, இயந்திரத்தில் அழுத்திவிடுவார்கள். சோலைப் பிடித்திருப்பது பசை மட்டும்தான். தேய்ப்பதில் சோம்பல் பட்டிருந்தால், நடக்கும்போது மடங்குகிற முன்பாதத்தில் விட ஆரம்பிக்கும். மறுபடி ஒட்டலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மேல்தோலின் அதே விளிம்பைத்தான் தேய்க்க வேண்டும். அது மெலிந்துகொண்டே போகும்.

வெல்ட் ஷூவில் மேல்தோலும் சோலும் நேராகச் சேர்வதே இல்லை. நடுவில் ஒரு தோல் பட்டை ஓடுகிறது. அதற்குத்தான் வெல்ட் என்று பெயர். முதல் தையல் பட்டையையும் மேல்தோலையும் உள்ளட்டையின் அடியில் எழும்பி நிற்கும் வரம்போடு சேர்த்துக் கட்டும். நடுவில் உண்டாகும் பள்ளத்தைத் தக்கையால் நிரப்புவார்கள். இரண்டாவது தையல் பட்டையையும் சோலையும் மட்டும் இணைக்கும். இந்த இரண்டாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சோல் தேய்ந்தால் வெளித்தையலை அறுத்தால் போதும். மேல்தோலில் கத்தி படாது.

ஏழு ஆண்டுகளாக ராமநாதபுரம் நீதிமன்றத்துக்குப் போட்டுச் செல்லும் என் வெல்ட் ஜோடியை அப்படித்தான் புதுப்பித்தேன். அரண்மனைப் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் தையல் இயந்திரம் இல்லை. பழைய சோலைக் கழற்றி, புது ரப்பர் சோலை வைத்து, குத்தூசியால் பட்டையின் பழைய துளைகள் வழியாகவே ஒவ்வொன்றாகத் தைத்தார். ஒரு ஜோடிக்கு ஒரு பகல் முழுவதும் போயிற்று. "புதுத் துளை போட்டால் பட்டை தபால்தலை மாதிரி கிழிந்துவிடும் தம்பி" என்றார். சில முறை சோல் மாற்றியபின் பட்டையையே மாற்ற வேண்டிவரும். அது நல்ல பட்டறையில் மட்டுமே நடக்கும்.

தையல் ஷூ என்றால் பசையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இயந்திர வெல்ட்டில் அந்த உள்வரம்பு பெரும்பாலும் துணிப்பட்டை. அதை உள்ளட்டையில் ஒட்டித்தான் இருப்பார்கள். உள்ளட்டையின் தோலையே செதுக்கி வரம்பெடுப்பது கைவேலை. விலை எங்கோ போய்விடும். வெல்ட்டில் பாலியூரித்தேன் சோல் வைத்திருந்தால் அதுவும் உதிரத்தான் செய்யும். ஆனால் அங்கே சாவது சோல் மட்டும்.

கடையில் ஏமாற்றும் வேலை ஒன்று உண்டு. ஒட்டு ஷூவின் ஓரத்தில் தையல் போட்ட பட்டையை ஒட்டி, வெல்ட் போலக் காட்டுவார்கள். ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே தெரியும் நூல் அடியில் வெளிவர வேண்டும், அல்லது சோலின் ஓரமாக ஓடும் பள்ளத்துக்குள் தெரிய வேண்டும். சில தோல் சோல்களில் பள்ளத்தை மூடிவிடுவார்கள். அப்போது மூடிய கீறலின் கோடாவது கண்ணில் படும். அடிப்பக்கம் வழுவழுவென்று ஒரே வார்ப்பாக இருந்தால் அந்தத் தையல் வெறும் அலங்காரம்.

என் ஜோடிக்கு ஒட்டு ஷூவைப்போல மூன்று மடங்கு கொடுத்தேன். முதல் இரண்டு மாதம் குதிகாலைக் கடித்தது, எடையும் அதிகம். ஆண்டுக்கு நான்கு விசேஷத்துக்கு மட்டும் போடுபவருக்கு இது வீண் செலவு. அவர் ரப்பர் சோல் வைத்த ஒட்டு ஷூ வாங்கி, பெட்டியில் பூட்டாமல் வெளியே வைத்து அவ்வப்போது போட்டு நடந்தால் போதும். தினமும் போடுபவருக்குத்தான் வெல்ட் கட்டுப்படியாகும்.

மைத்துனரின் ஷூவையும் அதே பெரியவர் வாங்கி, உதிர்ந்த நுரையைத் துளி மிச்சமில்லாமல் சுரண்டி, தட்டையான ரப்பர் சோலை ஒட்டிக்கொடுத்தார். இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும், படியேறுமுன் மைத்துனர் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறார்.