நீக்குவதா, திருத்துவதா?

பாம்பனிலிருந்து நான் வெளியிட்ட இன்ஸ்டாகிராம் படத்தொடரில் நான்காம் படம் தவறு. மீன்பிடித் தடைக்காலம் 45 நாள் என்று எழுதிவிட்டேன். 2017 முதல் அது 61 நாள்: ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. ஒரு விசைப்படகு மீனவர்தான், "தம்பி, கணக்கு பழையது" என்று சுட்டிக்காட்டினார்.

முழுப் பதிவையும் நீக்கிப் புதிதாகப் போடலாம்; படங்கள் சுத்தமாக இருக்கும். ஆனால் அவருடைய கருத்தும் அதோடு மறைந்துபோகும். பழைய எண்ணை நம்பியவருக்குத் திருத்தம் எட்டாது. முகப்புப் படமே தவறென்றால் மட்டும் இதைச் செய்வேன்.

வெளியான படத்தை மாற்ற முடியாது. அந்த ஒன்றை மட்டும் நீக்க முடியும். அதைத்தான் செய்தேன். விளக்கவுரையின் முதல் வரியிலேயே தேதியிட்டு, "45 அல்ல, 61 நாள்" என்று எழுதினேன். அதையே கருத்துகளின் உச்சியிலும் பொருத்தினேன். படம் போனபின் அவர் கருத்து புரியாமல் நிற்கக்கூடாது அல்லவா? அதனால் அதன் கீழே, "அண்ணே, நான்காம் படத்தில் 45 என்று தவறாக எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னதே சரி, நன்றி" என்றேன். காரணம் அடுக்கவில்லை. ஏளனம் செய்தவர்களுக்கும் ஒரே பதில், திருத்தம் மட்டும். எவருடைய கருத்தையும் அழிக்கவில்லை.