போலரைசரா, எடிட்டிங்கா, கறுப்புத் துணியா? எண்ணூர்ல இருந்து வண்ணாரப்பேட்டை வரைக்கும் வச்சுப் பார்த்தது

மச்சான் ஒருத்தன் புதுசா கேமரா வாங்கிட்டு கேட்டான், "சிபிஎல் ஃபில்டர் வாங்கணுமா, இல்ல ஃபோன்லயே வானத்தை நீலமாக்கிடலாமா, எதுக்கு தண்டச் செலவு"ன்னு. கேள்வி நியாயமாத்தான் பட்டுச்சு. ஏன்னா முக்காவாசி பேர் லென்ஸ் முன்னாடி மாட்டித் திருகுற இந்த சிபிஎல்ங்கிற போலரைசரை வாங்குறதே வானத்தை கரு நீலமாக்கத்தான், ஆனா என் அனுபவத்துல வானத்துக்காக மட்டும்னா அந்தக் காசு வேஸ்ட், அது உண்மையிலயே ஜெயிக்கிற இடம் தண்ணி. கண்ணாடின்னு வந்தா பாதி நேரம் ஒரு கறுப்புத் துணிகிட்டயே தோத்துப் போயிடும். மூணையும் நம்ம ஏரியாவுலயே வச்சு சொல்றேன்.

முதல்ல தண்ணி. எண்ணூர் முகத்துவாரத்துல டிசம்பர் காலைல ஒரு எட்டரை மணி வாக்குல, தண்ணி வத்துன நேரம், கரையோரம் முழங்காலுக்கும் கம்மியா தண்ணி. நின்ன இடத்துல இருந்து பார்த்தா தண்ணி மேல வெறும் வெள்ளை வானம்தான் தெரியுது, கீழ இருக்க சேறு, சிப்பி, நண்டு வளை ஒன்னும் தெரியல. ஃபில்டரை மாட்டி வியூஃபைண்டர்ல பார்த்துக்கிட்டே மெதுவா திருகுனா, ஒரு இடத்துல அந்த வெள்ளை அப்படியே விலகி அடித்தரை வந்து நிக்கும். முதல் தடவை பார்க்கும்போது சும்மா ஒரு மாதிரி சிலிர்க்கும், பொய் சொல்லல.

ஆனா ஃப்ரேம் முழுக்க அப்படி விலகாது. தண்ணில பட்டு வர்ற வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட சாய்வுல வரும்போதுதான் முழுசா ஒரே திசைல அதிரும், அதைத்தான் ஃபில்டரால தடுக்க முடியும். தண்ணிக்கு அந்தச் சாய்வு, தண்ணி மட்டத்துல இருந்து சுமார் 37 டிகிரி. கணக்கு ஈஸி: கேமரா தண்ணிக்கு மேல 5 அடி உயரத்துல இருந்தா, காலடில இருந்து ஆறரை அடி தள்ளி இருக்க தண்ணிதான் பளிச்சுனு தெளியும். அதைச் சுத்தி கொஞ்ச தூரம் ஓரளவு தெளியும், நூறு அடி தள்ளி இருக்க தண்ணி கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். நேர் கீழ குனிஞ்சு எடுத்தாலும் வேலைக்கு ஆகாது. "ஃபில்டர் வேலை செய்யல ப்ரோ"ன்னு சொல்ற நிறைய பேர் தூரத்து தண்ணியை பார்த்துட்டுத்தான் சொல்றாங்க. உயரமான இடத்துல ஏறி நின்னா தெளியுற இடமும் தள்ளிப் போகும், 15 அடி உயரம்னா 20 அடி தள்ளி.

இதுக்கு எடிட்டிங்ல மாத்து இருக்கான்னா, இல்ல. வானத்தோட வெளிச்சம் சேறு மேல விழுந்து சேத்தை மூடிடுச்சுன்னா ஃபைல்ல சேறே பதிவாகல, இல்லாததை எந்த ஸ்லைடரை இழுத்து கொண்டு வருவ. டீஹேஸ் கீஹேஸ்னு இழுத்தா தண்ணி அழுக்கா ஆகும், அடித்தரை வராது. அதனால இந்த ரவுண்டு போலரைசருக்குத்தான், போட்டியே கிடையாது.

அதுக்குன்னு எல்லாத் தண்ணிலயும் பளபளப்பை எடுக்கணும்னு இல்ல. காசிமேட்டு ஹார்பர்ல போட்டுங்க நிக்கிற இடத்துல ஃபுல்லா திருகி எடுத்தேன், பளபளப்பு போச்சு, போன உடனே கீழ இருந்த கருப்புத் தண்ணி, டீசல், மிதக்குற கவர் எல்லாம் தெளிவா தெரிஞ்சுது, போட்டோட சிவப்பு பச்சை நிழல் தண்ணில அலை அலையா ஆடிட்டு இருந்துச்சே அதுவும் சேர்ந்து போயிடுச்சு. படமே செத்துப்போச்சு. அங்க செய்ய வேண்டியது என்னன்னா, தெளியுற இடத்துல இருந்து கால் சுத்து திருப்பி விடணும், அப்ப நிழல் இன்னும் அழுத்தமா வரும். நான் இப்படி முன்னாடி பின்னாடி திருகிட்டு நிக்கிறதை வலை பிரிச்சுகிட்டு இருந்த ஒரு பெரியவர் பார்த்துட்டு, "இன்னாபா அதையே திருகிகினு கீற, ரேடியோல ஸ்டேஷன் தேடுறியா"ன்னாரு. சரியாத்தான் சொன்னாரு, அதே வேலைதான்.

அதே இடத்துல இன்னொரு செலவும் உண்டு, வெளிச்சம். ஃபில்டர் ஒன்னுல இருந்து ரெண்டு ஸ்டாப் வரைக்கும், அதாவது பாதில இருந்து முக்கால்வாசி வெளிச்சத்தை முழுங்கும். ஃபில்டர் இல்லாம 1/250ல எடுத்துட்டு இருந்தது, ஒன்றரை ஸ்டாப் போனா 1/80 கிட்ட வந்து நிக்கும், ஆடுற போட்டு அதுல லேசா கலங்கும். ஐஎஸ்ஓவை ஏத்திக்கணும், வேற வழியில்ல.

இப்ப வானம். இங்கதான் நான் கட்சி மாறுறேன். அதே எண்ணூர் காலைல, தென்கிழக்குல சூரியன், எனக்கு வடக்குப் பக்கம் அனல் மின் நிலைய சிம்னிங்களை வானத்தோட சேர்த்து எடுக்கணும். கையில 18 எம்எம், கிராப் சென்சார் கேமரா, சுமார் 65 டிகிரி அகலம் தெரியும். ஃபுல்லா திருகி எடுத்துட்டு வீட்டுல பார்த்தா வலது பக்கம் வானம் கரு நீலம், இடது பக்கம் வெளுத்துப் போயிருக்கு, நடுவுல மழைக்கறை படிஞ்ச சுவர் மாதிரி ஒரு மாற்றம். லென்ஸ் கோளாறுன்னு நெனச்சேன், இல்ல. வானத்துல சூரியனுக்கு 90 டிகிரில இருக்க பட்டைலதான் வெளிச்சம் அதிகமா ஒரே திசைல அதிருது, சூரியன் பக்கமும் அதுக்கு நேர் எதிர்ப் பக்கமும் அது இல்ல. அன்னைக்கு அந்தப் பட்டை வடகிழக்குல இறங்குச்சு, அதான் வலது ஓரம் கருத்துச்சு, இடது ஓரம் சூரியனுக்கு நேர் எதிர்த் திசைக்குக் கிட்ட, அதான் வெளுப்பு. பட்டை எங்கன்னு கண்டுபிடிக்க ஃபில்டரே வேணாம், ஆள்காட்டி விரலை சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை எல் மாதிரி விரிச்சு, மணிக்கட்டை சுத்துனா கட்டைவிரல் காட்டுற இடமெல்லாம் அந்தப் பட்டைதான்.

சரி 50 எம்எம் போட்டு பட்டைக்குள்ளயே எடுத்தா? அப்ப அழகா வரும், வெள்ளை மேகம் தனியா எழும்பி நிக்கும். ஆனா அதுக்கு வானம் முதல்ல நீலமா இருக்கணும். மழை விட்ட மறுநாள் ஓகே, மத்தபடி கடல் ஈரப்பதமும் மணலி பக்கத்துப் புகையும் சேர்ந்து வெள்ளையா கிடக்குற வானத்துல ஃபில்டர் பெருசா ஒன்னும் கிழிக்காது, வெளிச்சம் தூசில பல தடவை பட்டு சிதறி திசை எல்லாம் கலைஞ்சு போயிருக்கும். ஏப்ரல் கடைசி, ஆகஸ்ட் நடு, மதியம் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு மேல நிக்கிற நாள்ல அந்தப் பட்டை அடிவானத்தைச் சுத்தி மாலை மாதிரி விழும், கேட்க நல்லாருக்கு, ஆனா அடிவானத்துலதான் தூசியும் அதிகம், அதனால ஏமாந்தேன்.

எடிட்டிங் இங்க பரவால்ல. நீலத்தோட வெளிச்சத்தை குறைக்கிற ஸ்லைடரை இழுத்தா வானம் ஓரம் டு ஓரம் ஒரே மாதிரி கருக்கும், திட்டு வராது. அதுல இருக்க வம்பு என்னன்னா ஸ்லைடருக்கு வானம்னு தெரியாது, நீலம்னுதான் தெரியும். காசிமேட்டுல நீல பெயிண்ட் அடிச்ச போட்டு, நீலத் தார்ப்பாய், நீல டிரம் எல்லாம் சேர்ந்து இருட்டிப்போச்சு. அதுக்கு வானத்தை மட்டும் செலக்ட் பண்ணி குறைக்கணும், ரொம்ப இழுக்கக் கூடாது, இழுத்தா கிரேன் ஓரத்துல வெள்ளைக் கோடும் வானத்துல பொடிப் பொடியா நாய்ஸும் வரும். ஜேபெக்ல சீக்கிரம் பல்லிளிக்கும், ரா ஃபைல்னா தாங்கும்.

காசிமேட்டுல சூரிய உதயத்தையே எடுக்கப் போறவங்க போலரைசரை பையிலயே வச்சிடுங்க. சூரியனுக்கு நேரா அது வெறும் கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ட்ரா ஃப்ளேர் வேற. அங்க மேல் பாதி மட்டும் இருட்டா இருக்க கிராஜுவேட்டட் என்டி ஃபில்டரோ, ரெண்டு எக்ஸ்போஷர் எடுத்து சேர்க்குறதோ போதும். அந்த என்டியும் கிரேன், பாய்மரம் எல்லாம் மேல பாதில நீட்டிட்டு இருந்தா அது தலையெல்லாம் இருட்டாக்கும், அதனால நான் ரெண்டு எக்ஸ்போஷர் பக்கம்தான்.

கடைசியா கண்ணாடி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல சாயங்காலம் ஒரு துணிக்கடை ஷோகேஸ், உள்ள பட்டுப்புடவை கட்டுன பொம்மை. நேரா நின்னு எடுத்தா புடவை மேல நானும் என் பின்னாடி ஆட்டோவும் எதிர்க்கடை போர்டும். ஃபில்டரை எவ்வளவு திருகுனாலும் ஒரு துளி மாறல, மாறவும் மாறாது, நேரா பட்டு நேரா திரும்புற வெளிச்சம் ஒரு திசைல அதிராது. கொஞ்சம் கொஞ்சமா பக்கவாட்டுல நகர்ந்து, கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவுல 35 டிகிரி கிட்ட சாய்ஞ்சு பார்த்தா ஆட்டோ மறையுது, போர்டு மறையுது, புடவை ஜரிகை தெரியுது. ஆனா பொம்மை இப்ப பக்கவாட்டுல சாய்ஞ்சு நிக்குது, எனக்கு வேணும்னது நேர்முகம்.

அப்பதான் கறுப்புத் துணி. கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டுட்டு, லென்ஸ் ஹுட்டை கண்ணாடியோட ஒட்ட வச்சு சுத்திலும் துணியைப் போட்டு மூடிட்டா வெளி வெளிச்சமே லென்ஸுக்குள்ள வராது, எந்தக் கோணமா இருந்தாலும் சரி, ஸ்டாப்பும் குறையாது. ரப்பர் ஹுட் இருந்தா கண்ணாடில கீறலும் விழாது. ஒட்டி நிக்க முடியாத இடம், உதாரணமா ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து எடுக்குறதுன்னா மட்டும் சாய்ஞ்சு நின்னு போலரைசர்.

வண்டிக் கண்ணாடில இன்னும் மோசம். விம்கோ நகர் பக்கம் மெட்ரோ மேல போகும்போது ஜன்னல் வழியா எடுக்கலாம்னு ஃபில்டரோட உட்கார்ந்தேன், படம் முழுக்க வெளிர் வானவில் திட்டு. சூடு பண்ணி இறுக்குன கண்ணாடிக்குள்ள இருக்க அழுத்தம் அப்படித்தான் போலரைசர்ல கலரா வெளிய வரும். கார் பக்கவாட்டுக் கண்ணாடிலயும் அதே கதை. கழட்டிட்டு துணியை வச்சேன், சரியாச்சு.

ஆக மச்சான்கிட்ட சொன்னது, "கரையோரம், மழை நனைஞ்ச ரோடு, ஈர இலை, குளம் குட்டைன்னு எடுக்கப் போறியா, வாங்கு. வானம் மட்டும்தான்னா வேணாம்." வாங்கப் போறான்னு தெரிஞ்சதும் ரெண்டு விஷயம் சேர்த்து சொன்னேன். அவன்கிட்ட இருக்க பழைய கிட் லென்ஸ்ல ஃபோகஸ் பண்ணும்போது முன்கண்ணாடியும் சேர்ந்து சுத்தும், அதனால முதல்ல ஃபோகஸ், அப்புறம்தான் திருகல். கேமராவை நெட்டுக்குத்தா திருப்புனா ஃபில்டரை திரும்ப செட் பண்ணணும்.

அப்புறம் வாங்கும்போது ஏமாறாம இருக்க, நான் ஒரு தடவை சாதா கறுப்புக் கண்ணாடியை சிபிஎல்னு நம்பி வாங்கி வந்தவன்கிறதால சொல்றேன், கடைல கல்லா மேல இருக்க கால்குலேட்டரை கேளு. ஃபில்டரோட முன்பக்கம் கால்குலேட்டர் டிஸ்ப்ளேவைப் பார்க்க, மரை இருக்க பக்கம் உன் கண்ணைப் பார்க்க பிடிச்சு சுத்து. ஒரு இடத்துல டிஸ்ப்ளே முழுசா கறுத்துடணும். இப்ப ஃபில்டரை திருப்பிப் பிடிச்சு அதே மாதிரி சுத்து, இந்தத் தடவை கறுக்கக் கூடாது, கலர் மட்டும் லேசா மாறலாம். ரெண்டு பக்கமும் கறுத்தா அது பழைய லீனியர் டைப், சில கேமராவுல ஆட்டோஃபோகஸும் மீட்டரும் குழம்பும். ரெண்டு பக்கமும் கறுக்கலையா, கால்குலேட்டரை திருப்பிக் குடுத்துட்டு அடுத்த கடைக்குப் போயிடு.