பனங்கள்ளின் மதுவக் கலங்களை எண்ண மூன்று வழிகள்: கண், குறி, மென்பொருள்

காலையில் முட்டியிலிருந்து இறக்கிய கள்ளில் மதுவம் எவ்வளவு, மாலையில் தவறணைக்குப் போய்ச் சேரும்போது எவ்வளவு? அப்ப மாவுக்கு ஊற்றும் கள்ளில் வேலை செய்யக்கூடிய கலங்கள் போதிய அளவு இருக்கின்றனவா? கிளிநொச்சிப் பக்கத்து ஆய்வுகூடங்களில் மாணவர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் செயல்திட்டங்கள் இவை. பொருள் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. தேவைப்படும் கருவிகளும் ஒரு நுணுக்குக்காட்டியும், கலங்களை எண்ணக் கட்டங்கள் வரைந்த கண்ணாடியான ஒரு ஹீமோசைட்டோமீட்டரும்தான். தகராறு வருவது எண்ணும் முறையில். கண்வில்லைக்குள் பார்த்தபடியே எண்ணுவதா, கைத்தொலைபேசியால் படமெடுத்துக் கணினியில் கலங்களை ஒவ்வொன்றாகக் குறிப்பதா, அல்லது படத்தை மென்பொருளிடம் கொடுத்துத் தானாக எண்ண விடுவதா?

என் தெரிவு நடுவிலுள்ளது. அதற்குக் காரணம் சொல்வதற்கு முன் கண்ணாடியில் வரைந்திருக்கும் கட்டங்களைப் பார்த்துவிட வேண்டும். மூன்று வழிகளிலும் பெரிய பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

திருத்திய நியூபவர் வகைக் கண்ணாடியில் 3 மில்லிமீற்றர் பக்கமுள்ள கட்டப்பரப்பு, 1 மில்லிமீற்றர் பக்கமுள்ள ஒன்பது பெருங்கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. மூடுகண்ணாடிக்கும் கட்டப்பரப்புக்கும் இடைப்பட்ட ஆழம் 0.1 மில்லிமீற்றர். ஆகவே ஒரு பெருங்கட்டத்தின் மேலுள்ள திரவம் ஒரு மில்லிலீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நடுப் பெருங்கட்டம் மட்டும் 0.2 மில்லிமீற்றர் பக்கமுள்ள 25 நடுத்தரக் கட்டங்களாகவும், அவை ஒவ்வொன்றும் 16 சிறுகட்டங்களாகவும் பிரிகின்றன. மதுவம் போன்ற சிறிய கலங்களுக்கு 40 மடங்கு பொருள்வில்லையும், நான்கு மூலைகளிலும் நடுவிலும் உள்ள ஐந்து நடுத்தரக் கட்டங்களும் வழக்கம்.

படமெடுப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 40 மடங்கில் தெரியும் வட்டத்தின் விட்டம் பெரும்பாலும் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. படத்தை நிரப்பி நிற்பது ஒரு நடுத்தரக் கட்டம். அதைப் பெருங்கட்டம் என்று எண்ணிப் பத்தாயிரத்தால் பெருக்கினால் விடை 25 மடங்கு குறைந்துபோகும். நடுத்தரக் கட்டம் ஒன்றுக்குரிய பெருக்கி 250000. கட்டத்தைச் சுற்றி மூன்று இணைகோடுகள் ஓடினால் அது நடுத்தரக் கட்டம் என்று அறியலாம். அந்த மூன்றில் நடுக்கோடே உண்மையான எல்லை.

```
செறிவு = (மொத்தக் கலங்கள் / எண்ணிய கட்டங்கள்) × 250000 × ஐதாக்கல் மடங்கு
```

இனிக் கள்ளுக்கு வருவோம். இறக்கிய கள்ளை மெல்லிய துணியில் வடித்தால் பாளைத் துகள்களும் செத்த பூச்சிகளும் போய்விடும். அதில் 1 மில்லிலீற்றருடன் 9 மில்லிலீற்றர் நீர் சேர்த்துக் கலக்கி, நுரை அடங்க விட வேண்டும். கள் எந்நேரமும் வாயுவை விட்டுக்கொண்டிருப்பதால், அவசரப்பட்டு நிரப்பினால் கட்டங்களின் மேல் குமிழ்கள் குந்திக்கொள்ளும். குமிழ் இருக்குமிடத்தில் திரவம் இல்லை. கணக்கில் மட்டும் இருக்கும். மூடுகண்ணாடியை அழுத்தி ஒட்டும்போது ஓரங்களில் வானவில் நிற வளையங்கள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆழம் 0.1 மில்லிமீற்றர் என்று நம்ப முடியாது. திரவத்தை ஓரத்தில் தொட்டால் தானாக உள்ளே இழுபடும். அது பக்கத்துப் பள்ளத்தில் வழியுமளவுக்கு விட்டால் மூடுகண்ணாடி மிதந்துவிடும்.

நிரப்பியபின் இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். ஏறத்தாழ 6 மைக்ரோமீற்றர் குறுக்களவுள்ள மதுவக் கலம் நீரில் செக்கனுக்கு ஒன்றிரண்டு மைக்ரோமீற்றர் வேகத்தில் இறங்குகிறது. 100 மைக்ரோமீற்றர் ஆழத்தைக் கடக்க அவ்வளவு நேரம் வேண்டும். கண்ணால் எண்ணுபவருக்கு இதில் ஒரு சலுகை உண்டு: நுண்திருகை மேலும் கீழும் அசைத்து மிதக்கும் கலத்தையும் பிடித்துவிடலாம். படத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 40 மடங்கில் தெளிவாகத் தெரியும் அடுக்கு மிக மெல்லியது. அதற்கு மேலே மிதப்பவை மங்கலான நிழல்களாகிவிடும், அல்லது காணாமலே போகும். அதற்காக நெடுநேரம் காத்திருக்கவும் முடியாது. வன்னி வெயிலில் மின்விசிறியும் சுழன்றால் ஓரத்திலிருந்து திரவம் காயத் தொடங்கி, கலங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

கண்ணால் எண்ணுவதன் நன்மை அந்த நுண்திருகோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் கணக்குத் தவறும். எதை எண்ணினோம், எதை விட்டோம் என்பதற்குச் சான்று இராது. இரண்டு பேர் எண்ணி விடை வேறுபட்டால் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே ஒரு மாதிரி, உடனே விடை வேண்டும் என்றால் இதுவே போதும்.

படத்தில் கையால் குறிப்பது இந்தக் குறையைத் தீர்க்கிறது. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, பல புள்ளிகளை வைக்கும் கருவியால் ஒவ்வொரு கலத்தின் மேலும் ஒரு சொடுக்கு. படத்தை TIFF கோப்பாகச் சேமித்தால் புள்ளிகளும் அதோடு சேமிக்கப்படுகின்றன; மறுநாள் இன்னொருவர் சரிபார்க்கலாம். அளவுகோல் தேடி அலைய வேண்டியதுமில்லை, கட்டமே படத்துக்குள் கிடக்கும் அளவுகோல். தொலைபேசியை எவ்வளவு உருப்பெருக்கி எடுத்தாலும் நடுக்கோட்டிலிருந்து எதிர் நடுக்கோடு வரை 200 மைக்ரோமீற்றர்தான். எல்லைக் கோடுகள் முழுதாகத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கோட்டை வெட்டிய படத்தைத் தூக்கி எறிந்துவிடலாம்.

எங்கள் எடுத்துக்காட்டுக் கள்ளில் ஐந்து கட்டங்களில் 41, 36, 47, 33, 45 கலங்கள், மொத்தம் 202 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்துக்குச் சராசரி 40.4. அதை 250000 ஆல் பெருக்கினால் ஒரு கோடியே ஒரு இலட்சம். பத்து மடங்கு ஐதாக்கியதால், கள்ளின் ஒரு மில்லிலீற்றரில் பத்துக் கோடியே பத்து இலட்சம். அதை அப்படியே எழுதுவது வீண் துல்லியம். 202 என்ற எண்ணிக்கையின் இயல்பான தடுமாற்றம் அதன் வர்க்கமூலம், ஏறத்தாழ 14. அதாவது 7 சதவீதம். 1.0 × 10⁸ என்று எழுதுவதே நேர்மை.

இப்போது தானியங்கி எண்ணலுக்கு வருவோம். ஆசை காட்டுவதும் காலை வாருவதும் இதுதான். ஒரு கட்டத்தின் பக்கம் 1800 படப்புள்ளிகளாக அமைந்த படத்துக்கு, இமேஜ்ஜேயில் இந்த அளவு போதும்:

```
run("8-bit");
run("Subtract Background...", "rolling=100 light");
setOption("BlackBackground", true);
setAutoThreshold("Otsu");
run("Convert to Mask");
run("Fill Holes");
run("Watershed");
run("Set Measurements...", "area centroid");
run("Analyze Particles...", "size=800-5000 circularity=0.60-1.00 show=Outlines display clear");
```

800 முதல் 5000 வரையான பரப்பளவு, இந்தப் படத்தில் ஏறக்குறைய 3.5 முதல் 9 மைக்ரோமீற்றர் குறுக்களவுள்ள வட்டங்களைப் பிடிக்கும். கள்ளிலுள்ள பக்டீரியாக்கள் இந்த வடிகட்டலில் விழுந்துவிடும். கோடுகள் அப்படிப் போவதில்லை. ஒரு கலம் கோட்டைத் தொட்டால் இரண்டும் ஒரே நீண்ட உருவமாகி, வட்ட வடிவச் சோதனையில் தோற்றுக் கணக்கிலிருந்து மறைகிறது. கோடுகள் வெட்டும் இடங்களில் உடைந்த துண்டுகளோ சில வேளை கலங்களாக வேடமிடுகின்றன. கோடுகள் வெளிச்சமாகவும் கலங்கள் இருளாகவும் தெரியும் பூச்சிட்ட கண்ணாடியில் இந்தத் தொல்லை குறைவு. வெறும் கண்ணாடியில் செதுக்கிய பழைய கட்டங்களில் அதிகம்.

அரும்பும் கலங்கள் அடுத்த சிக்கல். தாய்க்கலத்தின் பாதிக்கும் சிறிய அரும்பைத் தாயோடு சேர்த்து ஒன்றாக எண்ணுவது பொதுவான வழக்கம். மேலே உள்ள `Watershed` கட்டளைக்கு அந்த வழக்கம் தெரியாது. இடுப்பு ஒடுங்கிய உருவத்தைக் கண்டால் வெட்டும். மொட்டவிழ்ந்து நிற்கும் புதுக் கள்ளில் இதனாலேயே எண்ணிக்கை ஏறும். நான்கைந்து கலங்கள் ஒட்டிய கொத்தில் அது வெட்டத் தவறினால் எண்ணிக்கை இறங்கும்.

அதே ஐந்து படங்களில் தானியங்கி 205 என்று சொன்னால் 202 க்குப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று மனம் குளிரும். வெளிக்கோட்டுப் படத்தைக் கையால் குறித்த படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கலாம்: 18 கலங்கள் தவறியிருக்கும், 21 பொய் உருவங்கள் நுழைந்திருக்கும். பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. நாளை கொத்துகள் கூடிய கள் வந்தால் அந்தச் சமநிலை நிற்காது. தானியங்கியைச் சோதிக்கும்போது மொத்தத்தைப் பார்த்துத் திருப்திப்படுவது பயனற்றது. தவறியவற்றையும் புகுந்தவற்றையும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

விளிம்பு விவகாரம் இன்னும் நுட்பமானது. கையால் எண்ணும்போது மேல், இடக் கோடுகளைத் தொடும் கலங்களைச் சேர்த்து, கீழ், வலக் கோடுகளைத் தொடுபவற்றை விடுகிறோம். கட்டத்தை வெட்டியெடுத்து மென்பொருளில் `exclude` என்ற தெரிவைப் போட்டால் நான்கு பக்கத்தைத் தொடுபவையும் போய்விடும். 6 மைக்ரோமீற்றர் கலத்துக்கு, எண்ணும் பரப்பு 200 க்கு 200 என்பதிலிருந்து 194 க்கு 194 ஆகச் சுருங்குகிறது. ஏறத்தாழ 6 சதவீதம் இழப்பு. அந்தத் தெரிவைப் போடாமல் விட்டால் நான்கு பக்கமும் சேர்ந்து 6 சதவீதம் கூடும். எத்தனை படம் எடுத்தாலும் இந்தச் சாய்வு கரையாது. தீர்வு எளிது: கட்டத்தைச் சுற்றி இடம்விட்டுப் படமெடுத்து, முழுப் படத்தையும் ஓடவிட்டு, மையப்புள்ளி நடுக்கோடுகளுக்குள் விழுந்த உருவங்களை மட்டும் எடுத்துக்கொள்வது. மேலே `centroid` கேட்டிருப்பது அதற்காகத்தான்.

ஆகவே கள், மோர், குளத்து நீர் போன்ற அழுக்குக் கலந்த மாதிரிகளுக்குப் படமும் கைக்குறியும். ஆய்வுகூடத்தில் வளர்த்த தூய மதுவம், பூச்சிட்ட கண்ணாடி, குவிந்து கிடக்கும் படங்கள் என்றால் தானியங்கியை விடலாம். அப்போதும் முதற்சில படங்களைக் கையால் குறித்து ஒப்பிட்ட பிறகே, ஒவ்வொரு புதுத் தொகுதிக்கும் மறுபடியும்.

எந்த வழியாலும் மாற்ற முடியாத ஒன்று நிரப்பும் பிழை. அதைக் காட்டிக்கொடுப்பது கண்ணாடியின் மறுபக்கக் கட்டம். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக நிரப்பி எண்ணுங்கள். ஒன்றில் 202, மற்றதில் 231 என்றால் வேறுபாடு 29. இரண்டின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம் 21 என்பதால் இது சாதாரணம், இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுக்கலாம். 202 க்கு எதிராக 290 வந்தால் வேறுபாடு 88. இந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலமான 22 இன் நான்கு மடங்கு. கலக்காமல் எடுத்தது, வழியவிட்டது, மூடுகண்ணாடி மிதந்தது, இவற்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. படங்களை அழித்துவிட்டுக் கண்ணாடியைக் கழுவி மீண்டும் நிரப்ப வேண்டியதுதான்.